த்ரோ எடுக்கும்போது பின்கால் ஏன் எழும்புகிறது?

கால்பந்தில் கோல்கீப்பர் அல்லாத ஒரு வீரர் பந்தைக் கையில் எடுத்து ஆடச் சட்டம் இடம் கொடுப்பது த்ரோ-இன்னில், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே எறிவதில், மட்டும்தான். கால்பந்து பழக வரும் பையன்கள் உதைப்பதையும் பந்தைக் கடத்திச் செல்வதையும் மணிக்கணக்கில் பழகுகிறார்கள். த்ரோவை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. பந்தை எடுத்து எறிவதில் கற்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அதனால்தான் சேலத்துச் சிறுவர் ஆட்டங்களில் நடுவர் விசில் அடித்து, பந்தை எதிரணியிடம் கொடுக்கச் சொல்லும்போது, எறிந்த பையன் விழிக்கிறான். கோட்டோரம் நிற்கும் அவனுடைய அப்பா ‘என்ன தப்பு?’ என்று கத்துகிறார். நடுவர் தன் குதிகாலை லேசாகத் தூக்கிக் காட்டுவார், அல்லது ஒற்றைக் கையைத் தலைக்கு மேல் வீசிக் காட்டுவார். அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்க ஆட்டத்தில் நேரம் கிடையாது.

அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக ஆட வந்தவர்களுக்கும், கொடி பிடிக்க ஆள் இல்லை என்று திடீரென லைன்ஸ்மேன் ஆக்கப்பட்ட பெற்றோருக்கும் இது உதவும்.

கால்பந்துக்கு 17 விதிகள். த்ரோ-இன் அதில் 15ஆவது. மிகச் சிறிய விதி. அதில் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது, கைக்கும் காலுக்கும் விதிக்கப்பட்ட நிபந்தனைகள் எல்லாம் பந்து கையைவிட்டுப் போகும் அந்த நொடிக்கு உரியவை என்பது. அதற்கு முன்னால் நீங்கள் ஓடி வரலாம், நின்று யோசிக்கலாம், பந்தைத் துடைக்கலாம். எறிந்த பிறகு கால் தூக்கலாம், தடுமாறி உள்ளே விழலாம். ஃபவுல் த்ரோ என்று பார்வையாளர்கள் கூச்சலிடுவதில் பாதி, இந்த நொடிக்கு முன்னோ பின்னோ நடந்ததைப் பார்த்துப் போடும் கூச்சல்தான்.

கோடும் இடமும்

பந்து முழுவதும் பக்கக் கோட்டைத் தாண்டியிருந்தால்தான் த்ரோ. தரையில் உருண்டு தாண்டினாலும் சரி, ஆகாயத்தில் தாண்டினாலும் சரி. கோடு மைதானத்தைச் சேர்ந்தது. ஆகவே பந்தின் ஒரு விளிம்பு கோட்டின் மேல் நிழலாகத் தொங்கிக்கொண்டிருந்தாலும் ஆட்டம் தொடரும். கடைசியாகப் பந்தைத் தொட்டவர் எந்த அணியோ, அதன் எதிரணிக்கு த்ரோ.

எங்கள் பக்கத்து மைதானங்களில் இதைச் சொல்வது எளிது, பார்ப்பது கடினம். காலையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் செம்மண்ணோடு கலந்து போய்விடும். கோடு அழிந்துவிட்டது என்று தெரிந்தால், இடைவேளையில் ஒரு சட்டிப் பொடியை வாங்கி மறுபடி போடச் சொல்லுங்கள். கால் எங்கே இருந்தது என்ற வழக்குக்கு முதல் சாட்சி அந்தக் கோடுதான். அது இல்லாத மைதானத்தில் ஃபவுல் த்ரோ கொடுப்பதே ஊகம்.

எறிய வேண்டிய இடம், பந்து கோட்டைத் தாண்டிய இடம். பந்து போய் விழுந்த இடமோ, பையன் அதை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்த இடமோ அல்ல. பந்தை எடுத்தவன் பேசிக்கொண்டே எதிரணி கோல் பக்கமாக ஐந்தாறு அடி நடந்துவிடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். ஓரிரண்டு அடியை நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் தவறான இடத்திலிருந்து எறிவதும் விதிப்படி தவறான த்ரோதான், பந்து எதிரணிக்குப் போகும். நடுவர் கையைக் காட்டிப் ‘பின்னால் போ’ என்றால் உடனே போய்விடுவது நல்லது. அவர் உங்களுக்குச் சலுகை காட்டுகிறார்.

கால்கள்

இதில்தான் பெரும்பாலான தகராறு. விதி கேட்பது இவ்வளவே: பந்து கையைவிடும் நொடியில் எறிபவர் மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும், இரண்டு கால்களிலும் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் மேலோ, கோட்டுக்கு வெளியே தரையிலோ பட்டிருக்க வேண்டும்.

‘ஏதாவது ஒரு பகுதி’ என்பதைக் கவனியுங்கள். முழுப் பாதமும் வெளியே இருக்க வேண்டியதில்லை. குதிகால் கோட்டின் மேல் ஊன்றியிருக்கிறது, விரல்கள் மைதானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் அந்த த்ரோ சரியானது. இதைப் பார்த்து எதிரணிப் பயிற்சியாளர் ‘கால் உள்ளே இருக்கிறது’ என்று குதிப்பார். குதிக்கட்டும். ஆனால் அதே நிலையில் எறியும்போது குதிகால் எழும்பி, விரல்கள் மட்டும் தரையில் நின்றால் கதை மாறுகிறது. தரையில் இருக்கும் பகுதி இப்போது முழுக்க மைதானத்துக்குள் இருக்கிறது. கோட்டில் எதுவும் இல்லை. அது ஃபவுல். கால் அங்குலம்கூட நகரவில்லை, ஆனாலும் ஃபவுல். புதியவர்கள் கோட்டை ஒட்டி நிற்காமல் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்று எறிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். ஒரு சாண் பின்னால் நிற்பதால் தூரத்தில் இழப்பது ஒரு சாண் மட்டும்தான்.

இனி, தலைப்பில் உள்ள பின்கால். ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து எறிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும்போது முதுகு வில்லாக வளைகிறது, உடல் எடை பின்காலில் இருக்கிறது. எறியும்போது இடுப்பு முதலில் முன்னே போகிறது, பிறகு மார்பு, பிறகு கைகள். எடை முழுவதும் முன்காலுக்கு மாறுகிறது. பின்காலில் எடையே இல்லாமல் போனபின் அது தரையில் இருக்கக் காரணம் எதுவும் இல்லை, தானாக எழும்பிவிடுகிறது. எறியும் வேகம் கூடக்கூட எழும்புவதும் கூடும். ஆகவே கால் தூக்குவது அக்கறையின்மையால் வருவது அல்ல. தன் பலத்துக்கு மீறித் தூரம் எறிய முயல்பவனுக்குத்தான் அது அதிகம் வருகிறது. ‘காலைத் தூக்காதே’ என்று திட்டுவதால் பயன் இல்லாததும் இதனால்தான். அவன் தூக்கவில்லை, அது தூக்கிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு மருந்துகள் இருக்கின்றன. முதலாவது, இரண்டு கால்களையும் தோள் அகலத்துக்கு இணையாக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி எறிவது. எடை இரண்டு காலிலும் பிரிந்து நிற்கும். தூரம் குறையும், ஆனால் கால் எழும்பாது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும். அந்த வயதில் அருகில் இருக்கும் கூட்டாளியின் காலுக்குச் சரியாகப் போட்டாலே பெரிய காரியம். குதிகால் லேசாக எழும்பினாலும் முன்பாதம் கோட்டுக்கு வெளியே தரையில் இருக்கும்வரை தவறில்லை. குதித்து எறிந்தால் மட்டும் இரண்டு காலும் போயிற்று.

இரண்டாவது, காலைப் பின்னே வைத்து எறிபவர்களுக்கு: பின்காலை இழுக்கப் பழக வேண்டும். எடை முன்னே மாறும்போது பின்காலின் கட்டைவிரல் பக்கம் ஷூவின் மேல்முனை தரையை உரசிக்கொண்டே வர வேண்டும். தரையை விட்டுப் பிரியாத வரையில் கால் நகர்வதை விதி தடுக்கவில்லை. ஓடி வந்து எறியும் பெரிய வீரர்கள் செய்வதும் இதுதான். கடைசி அடியில் பின்கால் இழுபட்டு வருவதைக் கவனித்துப் பாருங்கள்.

கால் எழும்பியதா இல்லையா என்பதை எறிபவன் தானே அறிய முடியாது. அவன் கண் பந்தின் மேல் இருக்கிறது. இதற்கு எங்கள் செம்மண் தரை நல்ல உதவி செய்கிறது. கன்னங்குறிச்சிப் பக்கமோ அம்மாப்பேட்டைப் பக்கமோ புல் இல்லாத ஒரு மைதானத்தில், மேல்மண்ணைக் கையால் சமமாகத் தடவிவிட்டு, அதில் நின்று ஓடாமல் ஒரு த்ரோ எறியச் சொல்லுங்கள். பிறகு அவனை நகர்த்திவிட்டுக் குனிந்து பாருங்கள். பின்கால் இழுபட்டிருந்தால் மண்ணில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அறுபடாமல் ஓர் அடி நீளத்துக்கு ஓடும். எழும்பியிருந்தால் பள்ளம் தொடங்கும், பாதியில் நின்றுவிடும், சற்றுத் தள்ளி ஷூ மறுபடி வந்து குத்திய தடம் தனியாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே தடவிவிட்ட மண் அப்படியே கிடக்கும். பையனே அதைப் பார்த்துவிட்டால் நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. ஒரே எச்சரிக்கை: கை விட்ட பிறகு எழும்பினாலும் தடம் இப்படித்தான் விழும். சந்தேகம் இருந்தால் ஒருவர் கோட்டின் நேராகத் தரையோடு தரையாகக் கைபேசியை வைத்து, மெதுவான வேகத்தில் படம் பிடித்துப் பாருங்கள். பந்து விரலைவிட்டுப் பிரியும் காட்சியில் நிறுத்தி, அதில் காலைப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் இதே பையன்கள் ஆடும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மலைமேல் மைதானம் என்றால் சரிவை வெட்டிச் சமப்படுத்தியதாகவே இருக்கும். ஒரு பக்கக் கோட்டுக்கு அப்பால் மண்திட்டு, மறுபக்கக் கோட்டுக்கு அப்பால் பள்ளம் என்று அமைந்த இடங்களில் ஓடி வந்து எறிய இடமே கிடைக்காது. சேலத்தில் நான்கடி ஓடி எறிந்து பழகியவன் அங்கே கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். அதோடு காலைப் பனியில் புல் நனைந்திருக்கும். ஈரப் புல்லில் இழுக்கும் கால் வழுக்கி எழும்பிவிடும். மலைக்கு ஆடப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய வாரம் நின்ற இடத்திலிருந்து, கால்களை இணையாக வைத்து எறிவதை மட்டும் பழகிவிட்டுப் போங்கள்.

நின்றுதான் எறிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மண்டியிட்டோ உட்கார்ந்தோ எறிய முடியாது. குட்டிக்கரணம் போட்டு எறிவதை விதி தடுக்கவில்லை, பந்தை விடும் நொடியில் இரண்டு காலும் உரிய இடத்தில் இருந்தால். 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஈரானின் மிலாத் முகமதி கடைசி நிமிடங்களில் பந்தோடு கரணம் போட்டு எழுந்து, எறியாமல் நிறுத்திவிட்டு, பிறகு சாதாரணமாக எறிந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். எறிவதற்கு முன் போட்ட கரணம் குற்றம் ஆகவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பையன்கள் முயன்றார்கள். கழுத்து பத்திரம்.

கைகள்

பந்தை இரண்டு கைகளாலும், தலைக்குப் பின்னாலிருந்து, தலைக்கு மேலாக எறிய வேண்டும். மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும்.

பிடிக்கும் முறையில் தொடங்குங்கள். பந்தின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் வையுங்கள்; கட்டைவிரல்கள் இரண்டும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மற்ற விரல்கள் விரிந்து பந்தின் பக்கங்களைப் பற்ற வேண்டும். பந்தின் இரண்டு பக்கத்திலும் உள்ளங்கையை வைத்துச் சொம்பைத் தூக்குவதுபோல் பிடித்தால், எறியும்போது வலுவான கை தள்ளும், மற்றது நழுவும். ஒற்றைக் கை ஃபவுல் பிறப்பது இந்தப் பிடியில்தான். யாரும் வேண்டுமென்றே ஒரு கையால் எறிவதில்லை. வலக்கை எறிகிறது, இடக்கை சும்மா ஒட்டிக்கொண்டு வருகிறது, கடைசி நொடியில் அதுவும் விலகிவிடுகிறது.

நடுவர் பார்ப்பது பந்து பிரியும்போது இரண்டு கையும் பந்தில் இருந்தனவா என்பதை. எறிந்து முடித்த பின் கைகள் எப்படி நிற்கின்றன என்பது நல்ல தடயம். இரண்டு கையால் எறிந்தவனின் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் முன்னே நீண்டிருக்கும். வலக்கை மட்டும் இடுப்பு வரை இறங்கி, இடக்கை தோளருகே நின்றுவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் பந்து சுழன்றுகொண்டு போனது என்பதை மட்டும் வைத்துக் கொடி தூக்காதீர்கள். பந்து சுழலக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஒரு கை சற்று வலுவாக இருந்தால் பந்து பக்கவாட்டில் சுழலத்தான் செய்யும். இரண்டு கையாலும் எறிந்திருந்தால் அது நல்ல த்ரோ. சேலத்தில் மட்டுமல்ல, நான் போன இடமெல்லாம் ‘பந்து சுத்துது சார், ஃபவுல்’ என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

ஒரு காலத்தில் ஒற்றைக் கையால் எறிவது குற்றமாக இருக்கவில்லை என்பது வேறு கதை. இங்கிலாந்தில் விதிகள் எழுதப்பட்ட தொடக்கக் காலத்தில் எத்தனை கையால் எறிய வேண்டும் என்று கட்டாயமில்லை. வலுவான ஆள் ஒரு கையால் வீசினால் பந்து மைதானத்தின் பாதியைத் தாண்டும். 1882ஆம் ஆண்டு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துச் சங்கங்கள் கூடி ஒரே விதிக்கு வந்தபோதுதான் இரண்டு கை என்பது நிலைத்தது. நோக்கம் எளிது: த்ரோ ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டும், கோல் அடிக்கும் ஆயுதமாகிவிடக் கூடாது.

அடுத்தது தலைக்குப் பின்னால். பந்து பிடரி வரை போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவசரத்தில் உச்சந்தலையிலிருந்தே தொடங்கிவிடுவார்கள், அல்லது நெற்றிக்கு முன்னாலிருந்து மார்போடு தள்ளுவதுபோல் எறிவார்கள். அது ஃபவுல். முழங்கைகள் மடங்கி, பந்து ஒரு கணம் கண்ணுக்குத் தெரியாமல் போனால்தான் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அதேபோல் தோளுக்கு மேலாக, சாய்வாக எறிவதும் தவறு. கோட்டை ஒட்டி நேராக முன்னே எறிய நினைப்பவனுக்குத்தான் இது வரும்: உடலை மைதானத்தை நோக்கி வைத்துக்கொண்டு, கையை மட்டும் பக்கவாட்டில் கொண்டுபோவான், பந்து தலைக்கு மேல் வராமல் காதோரமாகப் போகும். எறிய வேண்டிய திசைக்கு இடுப்பையும் பாதங்களையும் திருப்பி நின்றால் பந்து தானாகத் தலைக்கு மேல் வந்துவிடும். மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்குக் கோட்டுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும் என்று பொருள் இல்லை.

பந்தைக் காலடியிலேயே நழுவவிட்டு, கூட்டாளி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. எறிய வேண்டும் என்பது விதி. கீழே போடுவது எறிவது ஆகாது.

ஒரு த்ரோ, மெதுவாக

14 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். பந்து இடது பக்கக் கோட்டைத் தாண்டிவிட்டது. த்ரோ எடுக்க வருபவன் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். இடம் அவனுடைய சொந்தக் கோல் கோட்டிலிருந்து இருபது மீட்டர் தூரம். கோட்டை ஒட்டி முன்னே ஓடத் தயாராக அவன் அணியின் விங்கர் நிற்கிறான். அவனைக் கண்டதும் இவனுக்கு ஆசை வந்துவிடுகிறது.

மூன்றடி ஓடி வருகிறான். கடைசி அடியில் இடக்கால் கோட்டின் மேல் விழுகிறது. பந்து தலைக்குப் பின்னால் போகிறது. அந்த நேரத்தில் எதிரணிப் பையன் ஒருவன் கோட்டோரம் வந்து கையை விரித்துக் குதிக்கிறான். விங்கருக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது. எறிபவன் கடைசிக் கணத்தில் மனத்தை மாற்றி, அவன் தலைக்கு மேலாகத் தூக்கிப் போட வேண்டும் என்று முழு வலுவையும் கொடுக்கிறான். உடல் முன்னே பாய்கிறது. வலக்கால் தரையைவிட்டு ஒரு சாண் எழும்புகிறது. இடக்கை பந்திலிருந்து விலகி, வலக்கை மட்டும் பந்தைத் தள்ளுகிறது. விசில்.

இங்கே இரண்டு தவறுகள், இரண்டில் ஒன்றே போதும். தண்டனை எதிரணிக்கு அதே இடத்தில் த்ரோ. மறுபடி நீயே எடு என்று நடுவர் சொல்லக் கூடாது. பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் உண்மையான இழப்பு பந்து போனதில் இல்லை. அணி தாக்குதலுக்குக் கிளம்பிவிட்டது. விங்கர் முன்னே ஓடிவிட்டான், நடுக்கள வீரர்கள் மேலேறிவிட்டார்கள், எறிந்தவன் கோட்டுக்கு வெளியே நிற்கிறான். எதிரணி சட்டென்று பந்தை எடுத்து உள்ளே போட்டால், கோல் கோட்டிலிருந்து இருபது மீட்டரில் அவர்களைத் தடுக்க அந்தப் பக்கம் ஆளே இல்லை.

அவன் என்ன செய்திருக்கலாம்? வழி அடைபட்டதும் எறியாமல் நிறுத்தியிருக்கலாம். கையை முன்னே கொண்டுவந்தாலும் பந்தை விடாத வரை குற்றம் இல்லை. இரண்டடி பின்வாங்கி, கால்களை இணையாக வைத்து, தனக்கு மிக அருகில் நின்ற கூட்டாளியின் காலுக்குப் போட்டிருக்கலாம். குதித்த எதிரணிப் பையனையும் பாருங்கள்: எதிரணியினர் த்ரோ எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எறிபவர் கோட்டிலிருந்து பின்னே தள்ளி நின்றாலும் இந்தத் தூரம் கோட்டிலுள்ள அந்த இடத்திலிருந்துதான் அளக்கப்படும். முறைகேடாக எறிபவரின் கவனத்தைக் கலைத்தாலோ மறித்தாலோ அதற்கு மஞ்சள் அட்டை உண்டு. த்ரோ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். எறிபவன் அவசரப்படாமல் நடுவரைப் பார்த்து ‘சார், தூரம்’ என்று சொல்லியிருந்தாலே போதும்.

பந்து கையைவிட்ட பிறகு

பந்து மைதானத்துக்குள் நுழைந்ததும் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. சரியாக எறிந்த பந்து உள்ளே நுழையும் முன் வெளியிலேயே தரையில் பட்டுவிட்டால், அதே அணி அதே இடத்திலிருந்து மீண்டும் எறியலாம். இது ஃபவுல் அல்ல. பல லைன்ஸ்மேன்கள் இதையும் ஃபவுல் த்ரோவையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

எறிந்தவர், வேறொரு வீரர் தொடும் வரை, தானே பந்தைத் தொடக் கூடாது. காலால் தொட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். கையால் தொட்டால் டைரக்ட் ஃப்ரீ கிக். முதுகைக் காட்டி நிற்கும் எதிரணி வீரர் மேல் பந்தை மெல்ல எறிந்து, அது திரும்பி வரும்போது ஆடலாம். முகத்தில் ஓங்கி அடிப்பதுபோல் எறிந்தால் அது வேறு குற்றம்.

த்ரோவிலிருந்து நேரடியாக ஆஃப்சைடு கிடையாது, 1920 முதலே. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு அப்பால் நிற்கும் உங்கள் ஆளுக்குத் தாராளமாகப் போடலாம். இந்த ஒன்று தெரியாமல் ‘பின்னால் வா’ என்று தங்கள் ஆளையே கூப்பிடும் பையன்களை இன்றும் பார்க்கிறேன். ஆனால் அவர் தொட்டு அடுத்தவருக்குக் கொடுக்கும் நிமிடத்திலிருந்து ஆஃப்சைடு விதி திரும்பி வந்துவிடும்.

நேரடியாகக் கோலும் கிடையாது. எதிரணி கோலுக்குள் நேராகப் போனால் அவர்களுக்கு கோல் கிக். தன் கோலுக்குள் போனால் எதிரணிக்குக் கார்னர் கிக். இரண்டாவது நடக்குமா என்று சிரிக்காதீர்கள். 2002 செப்டம்பரில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சிட்டி, ஆஸ்டன் வில்லா அணிகள் மோதிய ஆட்டத்தில் வில்லாவின் ஓலோஃப் மெல்பெரி தன் கோல்கீப்பர் பீட்டர் என்கெல்மேனுக்கு த்ரோ போட்டார். பந்து கீப்பரின் பாதத்துக்கு அடியில் நழுவிக் கோலுக்குள் உருண்டது. கீப்பரின் கால் பந்தில் பட்டது என்று கருதிய நடுவர் கோல் கொடுத்தார். படவே இல்லை என்றால் விதிப்படி அது கார்னர்தான். கீப்பர் ஏன் கையால் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கூட்டாளி எறிந்த த்ரோவை கோல்கீப்பர் நேரடியாகக் கையால் எடுத்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். சொந்த கீப்பருக்கு த்ரோ போடும்போது கோலின் திசையில் போடாமல், கோல் கம்பத்துக்கு வெளிப்பக்கமாகப் போட வேண்டும் என்று தடுப்பாட்டக்காரர்களுக்குச் சொல்லி வைப்பது இதற்காகத்தான்.

பழகும் வரிசை

முதல் வாரம் பந்தை எறியவே வேண்டாம். பிடித்து, பிடரிக்குக் கொண்டுபோய், நிறுத்தி, மறுபடி முன்னே கொண்டுவரட்டும். கூட்டாளி எதிரே நின்று, கட்டைவிரல்கள் சேர்ந்திருக்கின்றனவா, பந்து தலைக்குப் பின்னால் மறைகிறதா என்று பார்க்கட்டும். பிறகு கால்களை இணையாக வைத்து ஆறேழு மீட்டரில் நிற்பவரின் காலடிக்கு எறிய வேண்டும். தலைக்குப் போடும் பந்தைவிடக் காலுக்குப் போடும் பந்து பெறுபவருக்கு எளிது. அடுத்து ஒரு காலைப் பின்னே வைத்து, மண்ணில் தடம் பார்த்துக்கொண்டு. தடம் அறுபடாமல் வரும் வரை தூரத்தைக் கூட்டக் கூடாது. ஓட்டம் கடைசியில்தான், அதுவும் இரண்டடிதான்.

கொடி பிடிப்பவர்களுக்கு ஒன்று. த்ரோ உங்கள் பக்கம் என்றால் காலைப் பார்ப்பது உங்கள் வேலை, கையைப் பார்ப்பதை நடுவரிடம் விட்டுவிடலாம். இரண்டையும் ஒரே கண்ணால் ஒரே நொடியில் பார்க்க முடியாது. நடுவர் ஒருவரே இருக்கும் ஆட்டமாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன் அவரிடம் போய், காலுக்கு நான் கொடி தூக்கட்டுமா, பந்து வெளியே போவதை மட்டும் காட்டட்டுமா என்று கேட்டுவிடுங்கள். உள்ளூர் ஆட்டங்களில் பல நடுவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவிட்டால், பையனின் பின்கால் முழங்கால் உயரத்துக்கு எழும்பினாலும் கொடி கீழேயே இருக்கட்டும்.